‘சச் ஆஸ்’ வந்த பிறகு ‘எட்செட்ரா’ எதற்கு? – கேள்வி பதில்

(ஆங்கில ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்துவது என் வேலை. எடுத்துக்காட்டுப் பட்டியல்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.)

கட்டுமானப் பொறியியல் ஆய்வு மாணவி, திருச்சி: மேடம், என் கட்டுரையில் ‘மெட்டீரியல்ஸ் லைக் ஃப்ளை ஆஷ், ஸ்லாக், சிலிகா ஃப்யூம் எட்செட்ரா’ என்று எழுதியிருந்தேன். மதிப்பாய்வு செய்தவர் ‘லைக்’கை அடித்து ‘சச் ஆஸ்’ போடச் சொன்னார். போட்டேன். அடுத்த சுற்றில் ‘எட்செட்ரா’வையும் அடித்துவிட்டார். எதை எழுதினாலும் தப்பா?

அவர் இரண்டையும் முதல் சுற்றிலேயே சொல்லியிருக்கலாம், பாவம் நீங்கள். ஆனால் அவர் அடித்தது சரிதான். ‘சச் ஆஸ்’ என்று தொடங்கியதுமே, வரப்போவது சில மாதிரிகள்தான், முழுப் பட்டியல் இல்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘எட்செட்ரா’வும் ‘மற்றவையும் உண்டு’ என்றுதான் சொல்கிறது. வாசலில் ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தவரிடம் மறுபடி ‘உள்ளே வாங்க’ என்பது போல ஆகிவிடுகிறது. ‘ஃபார் எக்ஸாம்பிள்’, ‘இன்க்ளூடிங்’ இரண்டுக்கும் இதே கதைதான். அவற்றோடும் ‘எட்செட்ரா’ வேண்டாம்.

சரி, எதை வைத்துக்கொள்வது? அதைச் சொற்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வாக்கியம் கட்டுரையில் எங்கே வருகிறது?

முன்னுரையில் வருகிறது என்றால், சிமென்டுக்குப் பதிலாகப் பலரும் பல பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். அங்கே பட்டியல் திறந்திருக்கலாம். ‘மெட்டீரியல்ஸ் சச் ஆஸ் ஃப்ளை ஆஷ் அண்ட் ஸ்லாக்’ என்று இரண்டு பெயரோடு நிறுத்துங்கள். கடைசிப் பெயருக்கு முன்னால் ‘அண்ட்’ வருவதைக் கவனியுங்கள். ‘எட்செட்ரா’ இருந்தபோது அந்த ‘அண்ட்’ தேவைப்படவில்லை, ஏனென்றால் லத்தீனில் ‘எட்’ என்பதே ‘அண்ட்’தான். ‘எட்செட்ரா’வை எடுத்தவர்கள் ‘அண்ட்’ சேர்க்க மறந்துவிடுவது நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கும் பிழை.

செய்முறைப் பகுதியில் வருகிறது என்றால் கதையே வேறு. நீங்கள் கலவையில் போட்டது எத்தனை பொருள்? மூன்று என்றால் மூன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். அங்கே ‘சச் ஆஸ்’ போட்டால், சொல்லாத நான்காவது ஒன்றும் கலவையில் இருந்ததோ என்று படிப்பவர் நினைப்பார். அவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது. ‘த்ரீ மெட்டீரியல்ஸ்’ என்று சொல்லி, முக்காற்புள்ளி வைத்து, மூன்று பெயரையும் எழுதிவிடுங்கள். அந்த வாக்கியத்தில் ‘லைக்’, ‘சச் ஆஸ்’, ‘எட்செட்ரா’ மூன்றுக்குமே வேலை இல்லை. என்னிடம் வருகிற ‘சச் ஆஸ் – எட்செட்ரா’ வாக்கியங்களில் கணிசமானவை இப்படித்தான் முடிகின்றன: எழுதியவருக்கு முழுப் பட்டியலும் தெரியும், அதைச் சொல்லாமல் விட்டிருப்பார்.

போட்டித் தேர்வுப் பயிற்சியாளர், மதுரை: இதில் குழப்பமே இல்லை. ‘லைக்’ என்றால் ‘அதைப் போன்றது’. சொன்ன பொருள் அதில் சேராது. ‘சச் ஆஸ்’ என்றால் சொன்ன பொருளும் சேரும். ஆகவே எடுத்துக்காட்டுக்கு ‘லைக்’ எப்போதும் தவறு. எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம்.

பாதி சரி சார். ‘சச் ஆஸ்’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ‘லைக்’ பற்றிய விதி இலக்கண நூல்களில் இருக்கிறதே தவிர, ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் இல்லை. ‘சிட்டீஸ் லைக் லண்டன் அண்ட் பாரிஸ்’ என்று ஒருவர் எழுதினால் லண்டனையும் பாரிஸையும் விட்டுவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நல்ல எழுத்தாளர்களும் நீண்ட காலமாக அப்படி எழுதுகிறார்கள்.

ஆனால் ஒருமையில் வரும்போது உங்கள் விதிக்கு உயிர் வந்துவிடுகிறது. ‘எ டிரக் லைக் ஆஸ்பிரின்’ என்று ஒரு மருந்துச் சீட்டில் இருந்தால், அது ஆஸ்பிரினா, ஆஸ்பிரின் மாதிரி வேறொன்றா? பலர் இரண்டாவதைத்தான் நினைப்பார்கள். அதையே ‘டிரக்ஸ் சச் ஆஸ் ஆஸ்பிரின்’ என்று எழுதினால் ஆஸ்பிரினும் உள்ளே இருப்பதில் சந்தேகமே வராது. மருத்துவம், சட்டம், ஆய்வு மூன்றிலும் நான் ‘லைக்’கை மாற்றிவிடுவது இதனால்தான். அது தவறு என்பதால் அல்ல, யாராவது ஒருவர் வேறு மாதிரி படித்துவிடலாம் என்பதால். கடிதத்திலோ பேச்சிலோ இருந்தால் தொடவே மாட்டேன்.

‘லைக்’குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அது வினைச்சொல்லாகவும் இருக்கிறது. ‘சில்ட்ரன் லைக் ரவி’ என்று தொடங்கினால், ரவி மாதிரியான பிள்ளைகளா, பிள்ளைகளுக்கு ரவியைப் பிடிக்கும் என்பதா? வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

ஜிமேட்டில் இப்போது வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்த விதியை மனப்பாடம் செய்ய வைப்பதால் இனி மாணவர்களுக்கு மதிப்பெண் எதுவும் கிடைக்கப்போவதில்லை சார்.

அதே பயிற்சியாளர்: தேர்வு போனால் போகட்டும், விதி விதிதானே? நான் என் மாணவர்களுக்கு ‘லைக்’ தவறு என்றே சொல்வேன்.

சொல்லுங்கள். என் கூடவே வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவரும் உங்கள் கட்சிதான், பத்து வருடமாக இதைப் பேசி முடிக்க முடியவில்லை.

எழுதுபொருள் கடைக்காரர், விருதுநகர்: எங்கள் கடைப் பலகையில் ‘நோட்ஸ், பென்ஸ், ஃபைல்ஸ், எட்செட்ரா’ என்று இருக்கிறது. ‘எட்செட்ரா’ தப்பு என்றால் பலகையை மாற்ற வேண்டுமா அம்மா? இருபது வருடப் பலகை.

மாற்றவே மாற்றாதீர்கள் அண்ணா. ‘எட்செட்ரா’ தனியாக நிற்கும்போது ஒரு தப்பும் இல்லை. ‘சச் ஆஸ்’ஸோடு சேரும்போதுதான் சிக்கல். மூன்று பெயரைப் பார்த்ததும் ‘இந்த மாதிரி சாமான்கள் கிடைக்கும்’ என்று வருகிறவருக்குப் புரிந்துவிடுகிறது, அது போதும். ஒரே ஒரு பெயர் எழுதி ‘நோட்ஸ், எட்செட்ரா’ என்று விட்டிருந்தால், மற்றது பேனாவா, பொம்மையா என்று தெரியாது. அதற்குத்தான் குறைந்தது இரண்டு பெயராவது வேண்டும் என்பார்கள்.

‘அண்ட் எட்செட்ரா’ என்று மட்டும் இல்லையே? இருந்தால் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது அந்த ‘அண்ட்’டை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சென்னை: என் வாடகை ஒப்பந்தத்தில் ‘சார்ஜஸ் சச் ஆஸ் வாட்டர், எலக்ட்ரிசிட்டி, எட்செட்ரா’ வாடகைதாரர் கட்ட வேண்டும் என்று உள்ளது. இரண்டும் இருந்தால் எனக்குக் கூடுதல் பாதுகாப்புதானே? குடியிருப்புச் சங்கம் கட்டடத்துக்கு வண்ணம் பூசக் கேட்கும் பணத்தை அவர் தர மறுக்கிறார்.

நான் வழக்கறிஞர் இல்லை ஐயா, அந்தப் பணத்தை யார் கட்ட வேண்டும் என்று சொல்ல முடியாது. மொழியளவில் மட்டும் சொல்கிறேன்: இரண்டு சொல்லும் சேர்ந்து எல்லையை விரித்துவிடவில்லை. பெயர் சொன்ன பொருள்களை வைத்துத்தான் சொல்லாமல் விட்டவற்றின் இனத்தைக் கணிப்பார்கள். சட்டத்தில் இதற்கு ‘எஜுஸ்டெம் ஜெனரிஸ்’ என்று ஒரு விதியே இருக்கிறது: குறிப்பான பெயர்களுக்குப் பிறகு வரும் பொதுச்சொல் அந்த இனத்துக்குள் அடங்கும் என்பது அதன் சாரம். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பயன்பாட்டுக்காகத் தொடர்ந்து தருவது. கட்டட வண்ணம் எப்போதோ ஒருமுறை வருவது. அதுவும் அதே இனம்தான் என்று வாதாட முடியுமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ‘எட்செட்ரா’ என்ற வால் வேண்டாம். வாடகைதாரர் கட்ட வேண்டியவை எவை, நீங்கள் கட்டுபவை எவை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி முடித்துவிடுங்கள்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்: பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏன் இப்படி இரண்டையும் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். தமிழில் ‘மா, பலா, வாழை முதலிய கனிகள்’ என்று பட்டியலின் பின்னால்தானே சொல்கிறோம்?

நீங்கள் சொன்னதுதான் காரணமாக இருக்க வேண்டும் டீச்சர். நமக்கு ‘இன்னும் உண்டு’ என்ற குறிப்பு பட்டியலுக்குப் பின்னால் வந்தே பழக்கம். ஆங்கிலத்தில் ‘சச் ஆஸ்’ முன்னால் வந்துவிடுகிறது. பட்டியல் முடியும் இடத்தில் கை பழக்கத்துக்கு ஒரு ‘முதலிய’வைத் தேடுகிறது, ‘எட்செட்ரா’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘லைக்’ முதலில் நினைவுக்கு வருவதும் இப்படித்தான், ‘போன்ற’ என்பதற்கு நேர்ச்சொல் அதுதானே. அந்தப் ‘போன்ற’ ஒப்புமைக்கும் வரும், எடுத்துக்காட்டுக்கும் வரும்.

ஆனால் ஒன்றில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. முழுப் பட்டியல் என்றால் ‘ஆகிய’, மாதிரி என்றால் ‘முதலிய’ என்று நீங்களே வகுப்பில் பிரித்துச் சொல்வீர்கள். ‘சேர, சோழ, பாண்டியர் ஆகிய மூவேந்தர்’ என்போம், ‘முதலிய மூவேந்தர்’ என்றால் பிள்ளைகளே சிரிப்பார்கள். அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘ஃபைவ் சதர்ன் ஸ்டேட்ஸ் சச் ஆஸ்’ என்று தொடங்கி ஐந்து மாநிலத்தையும் எழுதுகிறார்கள். ‘இது ஆகியவா, முதலியவா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆகிய என்றால் ‘சச் ஆஸ்’ கிடையாது.

தமிழிலும் இந்த இரட்டிப்பு வந்துவிட்டது என்பது என் புலம்பல். ‘அரிசி, பருப்பு முதலானவை போன்ற பொருட்கள்’ என்று அண்மையில் ஒரு அறிவிப்பில் பார்த்தேன்.

அலுவலக உதவியாளர், கோவை: ‘சச் ஆஸ்’ஸுக்குப் பின்னால் காற்புள்ளியா, முக்காற்புள்ளியா?

இரண்டும் வேண்டாம், நேராகப் பட்டியலுக்குப் போங்கள். முன்னால் காற்புள்ளி வருமா என்பது பொருளைப் பொறுத்தது: பட்டியலை எடுத்துவிட்டாலும் வாக்கியம் சொல்ல வந்ததைச் சொல்கிறது என்றால் வரும்.

ஆய்வு மாணவி, திருச்சி (மீண்டும்): மேடம், முன்னுரை, செய்முறை இரண்டையும் சரி செய்துவிட்டேன். ஆனால் ஆய்வேடு 180 பக்கம். மற்ற இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

லேடெக்கில் எழுதியிருந்தால் இதை ஓட்டுங்கள்:

```
grep -niE "such as[^.;]*etc" thesis.tex
```

வரி எண்ணோடு காட்டும். இரண்டு ஓட்டை உண்டு. வாக்கியம் இரண்டு வரியாக உடைந்திருந்தால் பிடிக்காது. நடுவில் புள்ளி வந்தாலும், படத்தின் எண்ணைச் சுருக்கி எழுதியிருப்பீர்களே, அந்தப் புள்ளியில் நின்றுவிடும். ஆகவே பிறகு ‘எட்செட்ரா’வை மட்டும் தனியாக ஒருமுறை தேடுங்கள். வேர்டில் என்றால் தேடல் பெட்டியில் Use wildcards என்பதைத் தேர்ந்து, இதைக் கொடுங்கள்:

```
such as*etc
```

இது ஒரு பத்தியில் தொடங்கி அடுத்த பத்தி வரை பிடித்துக்கொண்டு வரும், பயந்துவிடாதீர்கள். பெரிய எழுத்தில் தொடங்கும் ‘சச் ஆஸ்’ஸை விட்டும்விடும்.

மாற்றும் வேலையை மட்டும் கணினியிடம் கொடுக்காதீர்கள். மொத்தமாக ‘எட்செட்ரா’வை அழித்தால், ‘அண்ட்’ இல்லாத பட்டியல்கள்தான் மிஞ்சும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, அங்கே உங்களிடம் இருந்தது எத்தனை பொருள் என்று பாருங்கள்.