போட்டோவுக்கு ஓவியப் பாணி ஏற்றும்போது எது மாறுகிறது?

கேள்வி: இமேஜ் ஸ்டைலைசேஷன்னா என்ன? ஃபில்டர் போடுறது, கையால வரையறது, ஏஐ படத்தையே மாத்தித் தர்றது, இதுல இருந்தெல்லாம் அது எப்படி வேறுபடுது?

படத்தில் எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கும். தீட்டிய விதம் மட்டும் வேறொரு படத்திலிருந்து வரும். ஸ்டைலைசேஷன் அதுதான். கண்ணாடி போட்ட ஒருவர், பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் என்று ஒரு போட்டோவை வைத்துக்கொள்வோம்.

செப்பியா ஃபில்டர் எல்லாப் பிக்சலையும் ஒரே கணக்கில் மாற்றும். அந்தப் பிக்சல் கண்ணில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால் வெறும் சுவர் வெறும் சுவராகவே இருக்கும்.

ஸ்டைலைசேஷனுக்கு, 2015இல் கேட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் வெளியிட்ட முறையைப் பார்க்கலாம். பொருள்களை அடையாளம் காணப் பழக்கிய ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குள் போட்டோவையும் ஓர் ஓவியத்தையும் அனுப்புவார்கள். எந்த வடிவம் எந்த இடத்தில் என்பது போட்டோவிலிருந்து கிடைக்கும். எந்த நிறமும் எந்தத் தீற்றலும் சேர்ந்தே வருகின்றன என்ற கணக்கு ஓவியத்திலிருந்து கிடைக்கும்; அவை ஓவியத்தில் எங்கே இருந்தன என்பதை விட்டுவிடுவார்கள். பிறகு இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும்வரை புதுப் படத்தின் பிக்சல்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவார்கள்.

அந்த இடக் கணக்கை விட்டதால்தான் எந்த ஓவியத்தின் பாணியையும் எந்தப் போட்டோவுக்கும் ஏற்ற முடிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஓவியர் வானத்துக்கென்று போட்ட சுருள் இங்கே சுவரிலும் ஏறும், கன்னத்திலும் ஏறும். கண் மாதிரி சின்னப் பகுதிகள் அதில் கரைந்துபோகும். இதைக் குறைக்க, பாணிக்குக் கொடுக்கும் எடையைக் குறைக்கலாம், அல்லது முகத்தில் மட்டும் பாணி ஏறாதபடி மாஸ்க் போட்டு மறைக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று, படத்தின் அளவு. நெட்வொர்க் ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பு இத்தனை பிக்சல் என்று நிலையாக இருப்பதால், பெரிய படத்தில் தீற்றல்கள் பொடிப்பொடியாகி ஓவியச் சாயலே போய்விடும். முதலில் சின்ன அளவில் செய்து, அதைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினால் சரியாகும்.

கையால் வரைபவர் செய்வது வேறு வேலை. எதை விடுவது என்று அவர் முடிவு செய்கிறார். மூக்குக்கு ஒரு கோடு போதும், சுவரே வேண்டாம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பார்வை முக்கியம் என்று தேர்ந்தெடுக்கிறார். நான் சொன்ன முறையில் அந்தத் தேர்வு கிடையாது.

டிஃப்யூஷன் மாடல் என்ற ஏஐ வகையை வைத்துச் செய்யும் முழு மாற்றத்தில், போட்டோவின் மேல் தாறுமாறான புள்ளிகளாக இரைச்சலைச் சேர்த்து, அதிலிருந்து படத்தை மறுபடி உருவாக்குகிறார்கள். எவ்வளவு இரைச்சல் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு. 0.3 அளவில் பெரும்பாலும் அதே ஆள்தான் தெரிவார். 0.8க்குப் போனால் கண்ணாடியின் ஃபிரேம், சட்டைப் பொத்தான்கள், சில சமயம் முகமே வேறாகிவிடும். படம் அழகாக இருக்கும், ஆனால் அது அவர் இல்லை. தெரிந்தவரின் படம் என்றால் எனக்கு இது பெரிய குறை.

கைக்கு வந்த படம் இவற்றில் எது என்று சந்தேகம் வந்தால், அதை மூலப் போட்டோவின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தி மேற்பரப்பு மட்டும் மாறியிருந்தால் ஸ்டைலைசேஷன். பொத்தான் எண்ணிக்கையோ காதின் வடிவமோ மாறியிருந்தால், புதிதாக உருவாக்கிய படமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.