ஜிங்க் சிரப், இரும்பு சிரப், குழந்தையின் உயரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அக்கா, என் பொண்ணுக்கு 23 மாசத்துல 82 செ.மீ. மூணு மாசம் ஜிங்க் சிரப் கொடுத்தேன். இப்ப 26 மாசம், 84 தான் இருக்கா. சிரப் வேலை செய்யலையா?

முதலில் ஒன்று சொல்லுங்கள். 23 மாதத்தில் படுக்க வைத்து அளந்தார்களா? இப்போது சுவரோடு நிற்க வைத்தார்களா? இரண்டு வயது வரை படுக்க வைத்தும் அதற்குப் பிறகு நிற்க வைத்தும் அளப்பதுதான் வழக்கம். நிற்கும்போது முதுகெலும்பு சற்று அமுங்குவதால், அதே குழந்தை ஏறக்குறைய 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையும் இந்த 0.7-ஐக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்படி அளந்திருந்தால் உங்கள் மகள் வளர்ந்தது 2 இல்லை, 2.7 செ.மீ. இந்த வயதில் மூன்று மாதத்துக்கு அது சரியான வளர்ச்சிதான்.

ஆய்வு ஒன்றுக்காக நான் வீடு வீடாகப் போய் அளந்த காலத்தில், ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதப்பலகையை நகர்த்துவார். குழந்தை அழுது காலை மடக்கினால் அரை சென்டிமீட்டர் அப்படியே போய்விடும். அதனால் இரண்டு முறை அளப்போம், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறையும். ஒரே ஒரு குழந்தையின் இரண்டு அளவுகளை வைத்து ஜிங்க் வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மேடம், எத்தியோப்பியாவில் ஜிங்க் கொடுத்து ஆறு மாசத்துல 4 செ.மீ. கூடுதலா வளர்ந்ததா படிச்சேன். அப்ப எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கலாமே?

நீங்கள் படித்தது உண்மை. 2000-ல் வெளிவந்த ஆய்வு அது. 6 முதல் 12 மாதக் குழந்தைகள், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100 பேர், உயரம் சரியாக இருந்தவர்கள் 100 பேர். வாரத்தில் ஆறு நாள் 10 மி.கி. ஜிங்க் அல்லது மருந்தில்லாத சிரப், ஆறு மாதம். குட்டையாக இருந்தவர்களில் ஜிங்க் குடித்தவர்கள் 7.0 செ.மீ. வளர்ந்தார்கள், மருந்தில்லாத சிரப் குடித்தவர்கள் 2.8. உயரம் சரியாக இருந்தவர்களில் 6.6, 5.0.

அந்த 2.8-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு குழந்தை சுமார் 8 செ.மீ. வளர வேண்டும். மருந்தில்லாத சிரப் குடித்த குட்டைக் குழந்தைகளின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துபோயிருக்கிறது. ஜிங்க் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கும் இருமலும் குறைந்தன, பசியின்மையும் குறைந்தது. வளர்ச்சிக்கு அதுவும் ஒரு வழி என்று நான் நினைக்கிறேன். அப்படியும் அவர்கள் 8-ஐத் தொடவில்லை.

இதையே டெல்லியில் 6 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் நான்கு மாதம் செய்து பார்த்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், சிறியவர்களுக்கு 10 மி.கி., பெரியவர்களுக்கு 20. வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2011-ல் கணக்கிட்டபோது, தினம் 10 மி.கி. வீதம் 24 வாரம் கொடுத்தால் சராசரியாகக் கூடுதல் 0.37 செ.மீ. என்று வந்தது. மேலே சொன்ன 0.7-ல் பாதிதான். ஆயிரம் குழந்தைகளின் சராசரியில் இது தெரியும், உங்கள் வீட்டுச் சுவரில் போட்ட பென்சில் கோட்டில் தெரியாது.

ஜிங்க்கும் இரும்பும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்னு எங்க மருந்துக்கடை அண்ணன் சொன்னார். அப்ப ரெண்டும் கலந்த சிரப் வீண்தானே?

அவர் சொன்னதில் பாதி சரி. இந்தோனேசியாவில், மத்திய ஜாவாவின் புர்வொரெஜோவில் 680 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 மி.கி. இரும்பு, இன்னொன்றுக்கு 10 மி.கி. ஜிங்க், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு மருந்தில்லாத சிரப். ஆறு மாத வயதில் தொடங்கி ஒரு வயது வரை தினமும்.

ஜிங்க் மட்டும் குடித்தவர்களுக்கு எடை கூடியது. முழங்காலிலிருந்து குதிகால் வரையிலான நீளம் ஜிங்க் பிரிவிலும் கூடியது, இரும்புப் பிரிவிலும் கூடியது. இரும்பு மட்டும் குடித்தவர்கள் உடலசைவுத் திறனிலும் முன்னே இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களிடம் இந்த நன்மை எதுவும் தெரியவில்லை, வாந்தி மட்டும் அதிகம்.

ஆனால் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஹீமோகுளோபின் சேர்த்துக் கொடுத்தபோதும் ஏறியது, தனி இரும்பு அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். ரத்தசோகைக்காக டாக்டர் கலப்பு சிரப் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

நான் ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன். தண்ணில கரைச்சுக் கொடுத்தாதான் உறிஞ்சுதல்ல போட்டி வருது, சாப்பாட்டோட பெரிசா வர்றதில்ல. அப்ப சில மணி நேரம் இடைவெளி விட்டா போதாதா?

நீங்கள் சொல்வது சரி. சிரப் என்பது அந்தத் தண்ணீர் நிலைமைதான். இடைவெளி விடுவதில் தர்க்கம் இருக்கிறது, நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் புர்வொரெஜோவில் காணாமல் போன எடையும் கால் நீளமும் இடைவெளி விட்டால் திரும்பி வரும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை, அதை அங்கே சோதிக்கவும் இல்லை. எல்லாமே குடலில் நடக்கும் போட்டிதான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வாந்தி எடுத்தால் மருந்தோடு சாப்பாடும் போய்விடுகிறதே.

என் பையனுக்கு 15 மாசம், 10 கிலோ, ரத்தம் 11.8. நல்லா சாப்பிடட்டும்னு நானே தினமும் இரும்பு டானிக் கொடுக்கறேன். எடை ஏறவே இல்ல அக்கா.

இதைத்தான் நான் பயந்துகொண்டே எதிர்பார்த்தேன். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 12 முதல் 18 மாதக் குழந்தைகள் 47 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 1994-ல் வெளிவந்தது. எல்லோரும் இரும்புச்சத்து போதுமான அளவு இருந்தவர்கள். பாதிப் பேருக்கு தினம் கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு, நான்கு மாதம். இரும்பு குடித்தவர்களுக்குத்தான் எடை குறைவாக ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் சுவீடன், ஹோண்டுராஸ் குழந்தைகளிடமும், ஏற்கெனவே ரத்தம் சரியாக இருந்தவர்களுக்கு இரும்புச் சொட்டு கொடுத்தபோது நீளம் குறைவாகவே கூடியது. 25 ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் பார்த்தபோது, மொத்தத்தில் இரும்பால் வளர்ச்சிக்குப் பலன் தெரியவில்லை. இரும்பு ரத்தசோகைக்கு மருந்து, உயரத்துக்கு இல்லை.

11.8 நல்ல அளவு. அந்த டானிக்கை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, நிறுத்தலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். இதைப் படித்துவிட்டு அரசு தரும் சிரப்பையும் நிறுத்திவிடாதீர்கள். அது வாரம் இருமுறை 1 மி.லி., அதாவது வாரத்துக்கு 40 மி.கி. இரும்பு. பாண்டுங் அளவில் பத்துக் கிலோ குழந்தைக்கு வாரத்துக்கு 210 ஆகும். இரண்டும் ஒன்றல்ல.

என் அண்ணன் மகன் 14 வயசு, ரொம்பக் குள்ளம். எத்தனை மி.கி. ஜிங்க் கொடுக்கணும்?

நான் இங்கே சொன்ன ஆய்வுகள் சின்னக் குழந்தைகளைப் பற்றியவை. 14 வயதில் முதலில் பார்க்க வேண்டியது பருவமாற்றம் தொடங்கிவிட்டதா, போன வருடம் எவ்வளவு வளர்ந்தான், அப்பா அம்மா உயரம் என்ன என்பதை. குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், பள்ளியில் எடுத்த பழைய உயர அளவுகள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.