ஏஏஎஸ்ஸில் செக் ஸ்டாண்டர்டைத் தனியாக ஓட்டாதீர்கள், பிளாங்க்கோடு ஓட்டுங்கள்

கேள்வி: மண் பரிசோதனைக் கூடத்தில் ஏஏஎஸ் என்ற அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் துத்தநாகம் பார்க்கிறேன். காலையில் காலிபரேஷன் 0.999 வருகிறது. அப்படியும் பத்து சாம்பிளுக்கு ஒருமுறை அளவு தெரிந்த நடு அளவு ஸ்டாண்டர்டு ஒன்றைச் செக்காக ஓட்டச் சொல்கிறார்கள். காலிபரேஷனே சரியாக இருக்கும்போது அது எதற்கு?

பதில்: 0.999 என்பது காலை ஒன்பது மணிக்கு ஐந்து ஸ்டாண்டர்டுகளும் ஒரே கோட்டில் நின்றன என்பதை மட்டும்தான் சொல்கிறது. பதினொன்றரை மணிக்கு, கரைசலைத் தூவலாக்கிச் சுடருக்கு அனுப்பும் நெபுலைசர் எவ்வளவு கரைசலை உறிஞ்சுகிறது என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. கருவி மாறியிருந்தாலும் கணினி காலைக் கோட்டை வைத்தே கணக்குப் போட்டு, மூன்று தசமத்தில் ஒரு எண்ணைத் தந்துவிடும்.

நீங்கள் செய்வது, மண்ணிலிருந்து துத்தநாகத்தைக் கரைசலுக்குள் பிரித்தெடுக்கும் டிடிபிஏ முறை என்றே எடுத்துக்கொள்கிறேன். 10 கிராம் மண், 20 மில்லி கரைசல், இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுவது. அப்படியென்றால் வடிநீரில் 0.6 பிபிஎம் இருந்தால் மண்ணில் 1.2 பிபிஎம். தமிழ்நாட்டில் துத்தநாகத்துக்குப் பற்றாக்குறை எல்லையாக வைத்திருப்பதும் இந்த 1.2 தான். ஆக, விவசாயிக்குப் போகும் பரிந்துரை முடிவாவது உங்கள் கோட்டின் நடுப்பகுதியில்.

ஒரு நாள் ஓட்டத்தை எண்களோடு பார்ப்போம். 213.9 நானோமீட்டர், காற்று–அசிட்டிலின் சுடர். விளக்கு அரைமணி நேரம் சூடானபின், துத்தநாகம் சேர்க்காத கரைசலான பிளாங்க்கில் பூஜ்யம் வைத்தாயிற்று. இந்த பிளாங்க் வெறும் காய்ச்சி வடித்த நீராக இருக்கக் கூடாது, அதே டிடிபிஏ கரைசலாக இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டுகளும் அதிலேயே தயாரித்தவையாக இருக்கட்டும். தண்ணீரும் டிடிபிஏ கரைசலும் நெபுலைசரில் ஒரே மாதிரி போவதில்லை. அப்புறம், மண் இல்லாமல் குலுக்கி வடிகட்டிய பிளாங்க் வேறு. வடிதாள், ரப்பர் மூடி, கையுறை இவற்றிலிருந்து வரும் துத்தநாகம் அதில் தெரியும். அதைச் சாம்பிள் போல ஓட்டி, வந்த அளவைக் கழிக்க வேண்டும். அதில் பூஜ்யம் வைத்துவிட்டால் மாசு எவ்வளவு என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஸ்டாண்டர்டுகள் இப்படி வருகின்றன என்று வையுங்கள்: 0.2 பிபிஎம்முக்கு அப்சார்பன்ஸ் 0.046, 0.4க்கு 0.091, 0.6க்கு 0.135, 0.8க்கு 0.178, 1.0க்கு 0.219. மேலே போகப் போகக் கோடு லேசாக வளைகிறது, அது இயல்பு. செக் ஸ்டாண்டர்டு 0.5 பிபிஎம், 0.113 காட்ட வேண்டும். முதல் பத்து சாம்பிளுக்குப் பிறகு 0.112. நல்லது. இருபதுக்குப் பிறகு 0.109, அதாவது 96 சதவீதம். இன்னும் எல்லைக்குள்தான். முப்பதுக்குப் பிறகு 0.099. கோட்டில் வைத்துப் பார்த்தால் 0.436 பிபிஎம், 87 சதவீதம். ±10 சதவீதம் என்ற வழக்கமான எல்லையை இது தாண்டிவிட்டது.

இந்த நேரத்தில் மறுபடி காலிபரேஷன் போட்டுவிட்டு முப்பத்தொன்றாவது சாம்பிளிலிருந்து தொடர்பவர்கள் நிறையப் பேர். அது போதாது. இருபதாவதுக்கும் முப்பதாவதுக்கும் நடுவே எங்கே சரிந்தது என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பத்தையும் திரும்ப ஓட்டியே ஆக வேண்டும். அவற்றில் ஒரு மண்ணின் உண்மை அளவு 1.32 என்று வையுங்கள். சரிந்த கருவியில் அது 1.15 ஆகத் தெரியும். போதுமான துத்தநாகம் உள்ள வயலுக்குப் பற்றாக்குறை என்று அட்டை போகும், அவர் காசு கொடுத்து ஜிங்க் சல்பேட் வாங்கிப் போடுவார். கடைசிச் சாம்பிளுக்குப் பிறகும் ஒரு செக் அவசியம் என்பதும் இதனால்தான். இரண்டு நல்ல செக்குகளுக்கு நடுவே வந்த சாம்பிளைத்தான் நம்பலாம்.

சரி, ஏன் நடு அளவு? கருவி இரண்டு விதமாக நகரும். ஒன்று, கோட்டின் சரிவு குறைவது. நெபுலைசர் குழாயில் மண் துகள் அடைப்பது, பர்னர் வாயில் உப்பு படிவது இரண்டும் இதைச் செய்யும். மற்றொன்று, பூஜ்யத்தில் நிற்க வேண்டிய அடிக்கோடே மேலேறுவது. விளக்கின் ஒளி மாறுவதாலோ முந்தைய கரைசல் தங்கிவிடுவதாலோ வரும். அடிக்கோடு 0.012 ஏறினால் 0.2 பிபிஎம் சாம்பிளில் கால் பங்கு கூடிவிடும், 1.0 பிபிஎம்மில் ஐந்தாறு சதவீதம்தான் கூடும். அதனால் உச்ச ஸ்டாண்டர்டைச் செக்காக வைத்தால் இந்த நகர்வு எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். மிகக் கீழே 0.1 பிபிஎம் வைத்தால் 0.002 அளவு சாதாரண ஆட்டமே கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம், காரணமே இல்லாமல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டிருப்பீர்கள். நடு அளவு இரண்டு நகர்வையும் ஓரளவு காட்டும், உங்கள் சாம்பிள்களும் அங்கேதான் அதிகம்.

ஆனால் செக் மட்டும் போதாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சரிவு 10 சதவீதம் குறைந்து, அதே நேரத்தில் அடிக்கோடு 0.012 ஏறியிருந்தால் 0.5 பிபிஎம் எவ்வளவு காட்டும்? 0.102 உடன் 0.012, மொத்தம் 0.114. நூறு சதவீதம்! செக் தேறிவிட்டது. ஆனால் 0.2 பிபிஎம் சாம்பிள் 0.23 என்றும், 1.0 பிபிஎம் 0.95 என்றும் வரும். ஒன்றின் தவறை மற்றொன்று நடுவில் மறைத்துவிட்டது. செக்குக்கு அடுத்தே பிளாங்க் ஓட்டியிருந்தால் 0.012 பளிச்சென்று தெரிந்திருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். பிளாங்க் பூஜ்யத்தில் நின்று செக் மட்டும் குறைந்தால் உறிஞ்சலையும் பர்னரையும் பாருங்கள். பிளாங்க்கும் சேர்ந்து ஏறினால் நன்றாகக் கழுவி, விளக்கையும் பூஜ்யத்தையும் பாருங்கள்.

உறிஞ்சலைப் பார்ப்பது எளிது. 10 மில்லி அளவுக்குவளையில் நீர் வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். காலையில் 5 மில்லி இழுத்தது இப்போது 4 என்றால் அடைப்புதான். பர்னரில் உப்பு படிந்திருந்தால் சுடர் ஒரே தகடாக எரியாமல் இடையிடையே பிளவு விட்டு எரியும். சுடரை அணைத்து, பர்னர் ஆறியபின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். மென்பொருளில் ரீஸ்லோப் வசதி இருக்கும், ஒரே ஸ்டாண்டர்டை வைத்துச் சரிவைத் திருத்திவிடும். அடைப்பை எடுக்காமல் அதை அழுத்தினால் அடுத்த பத்திலும் அதே கதைதான். அடிக்கோடு ஏறியிருக்கும்போது அழுத்தினால் செக் மட்டும் சரியாகத் தெரியும், மற்ற அளவுகளில் தவறு அப்படியே ஒளிந்திருக்கும்.

செக் தவறியதும் அது தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். பிளாங்க்கை நன்றாக ஓடவிட்டுக் கழுவி ஒரே ஒருமுறை பார்க்கலாம். அதிலும் தவறினால் நிறுத்திவிட வேண்டும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. காலிபரேஷன் ஸ்டாண்டர்டும் செக்கும் ஒரே 1000 பிபிஎம் பாட்டிலிலிருந்து வந்தால் நகர்வு மட்டுமே தெரியும். பாட்டிலே தவறாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தவறி நூறு சதவீதம் காட்டும். அதற்கு, காலையில் கோடு போட்டவுடன், வேறு கம்பெனியின் அல்லது வேறு லாட்டின் பாட்டிலிலிருந்து தயாரித்த 0.5 பிபிஎம்மை ஒருமுறை ஓட்டிவிட்டு முதல் சாம்பிளைத் தொடங்குங்கள்.