நான்கு எழுத்து, இரண்டு பேர்: விருந்தினரின் விலாசத்தை மேடையில் சொல்லும் முறை

கேள்வி: காரைக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை நான்தான் அறிமுகப்படுத்த வேண்டும். அவருடைய அட்டையில் ஆங்கிலத்தில் பி, எல், ஒரு புள்ளி. ஆர், எம், ஒரு புள்ளி. பிறகு முத்துக்கருப்பன் என்று இருக்கிறது (பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன்). ஊர் கண்டரமாணிக்கம். இந்த எழுத்துகளை எப்படிப் படிப்பது? இதில் எது அப்பா பெயர்? ஊரை எங்கே சேர்ப்பது?

பதில்: அட்டையில் எழுத்துகளை எண்ணாதீர்கள், புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு புள்ளிகள் இருந்தால் இரண்டு முன்னோர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். பி, எல் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒருவரையும், ஆர், எம் ஆகிய இரண்டும் சேர்ந்து இன்னொருவரையும் குறிக்கின்றன. செட்டிநாட்டில் ஒரே முதலெழுத்தில் தொடங்கும் பெயர்கள் மிகுதி என்பதால், ஒற்றை எழுத்து போதாமல் இரண்டு எழுத்துகளை இட்டு வேறுபடுத்தும் வழக்கம் கணக்கேடுகளிலும் கடைப் பலகைகளிலும் நிலைத்துவிட்டது. இந்தத் தொடரைத்தான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 'விலாசம்' என்கிறார்கள். நீங்கள் "பி.எல்.ஆர்.எம்." என்று நான்கையும் ஒரே சீராக அடுக்கிச் சொன்னால், கேட்பவர் காதில் நான்கு பேர் விழுவார்கள், விருந்தினரின் குடும்பத்தில் அப்படி நான்கு பேர் இல்லை.

தொடர் மூத்தவரிடமிருந்து இளையவரை நோக்கி வரும். பெயரை ஒட்டி நிற்பது தந்தை. அதற்கு முன் நிற்பது தந்தையின் தந்தை. ஊரறிந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் விலாசம் எஸ். ஆர்எம். எம். என்பது. சாத்தப்பன், ராமநாதன், முத்தையா என்று அது விரியும். முத்தையாதான் அவருடைய தந்தை. நடுவில் உள்ள ஆர்எம் ஒரே ஆள். அண்ணாமலைச் செட்டியார் தம் மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே முத்தையா என்று வைத்தார். அந்த முத்தையாவின் மகன் ராமசாமிக்கு எம்.ஏ.எம். என்ற முன்னெழுத்துகள் வந்தன: முத்தையா, அண்ணாமலை, மீண்டும் முத்தையா. முதல் எம் கொள்ளுத்தாத்தா, கடைசி எம் தந்தை. பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் வழக்கத்தால் இப்படி ஒரே எழுத்து இருமுறை வருவது இங்கு இயல்பு. அழைப்பிதழில் அதைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்றை நீக்கிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீக்கப்படுவது ஒரு தலைமுறை.

முதல் எழுத்து ஊரைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்த நினைவு உங்களுக்கு இருக்கலாம். உ.வே.சாமிநாதையர் பெயரில் உ என்பது உத்தமதானபுரம், வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். அண்ணாதுரை அவர்களின் சி.என். என்பதில் சி, காஞ்சிபுரத்தின் ஆங்கில எழுத்து. அந்த வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. ஆனால் நகரத்தார் விலாசத்தில் பெரும்பாலும் ஊர் நுழைவதில்லை, முன்னோர் பெயர்களே தொடர்கின்றன. ஆகவே உங்கள் விருந்தினரின் முதல் எழுத்தைப் பார்த்து அது பள்ளத்தூராக இருக்குமோ, புதுவயலாக இருக்குமோ என்று ஊகிக்க வேண்டாம்.

இனி, ஆங்கில எழுத்தைத் தமிழாக்குவதுதான் உண்மையான வேலை. அட்டையை வைத்துக்கொண்டு அதை முடிக்க இயலாது. பி, எல் என்பது பெரும்பாலும் பழனியப்பனாக இருக்கும். அப்படியானால் மேடையில் 'பழ.' என்று சொல்ல வேண்டும். ஆர், எம் என்பது ராமநாதனாகவும் ராமசாமியாகவும் இருக்கலாம்; 'ராம.' என்று சொன்னால் இரண்டுக்கும் பொருந்தும் என்றாலும், தந்தையின் முழுப்பெயரைச் சொல்லும் இடத்தில் ஊகம் உதவாது. வி, ஆர் என்று இருந்தால் வீரப்பனா வயிரவனா என்பதை எழுத்து காட்டாது. ஏ, எல் என்பதில் உள்ள எல் ழகரமா ளகரமா என்பதையும் ஆங்கிலம் சொல்லாது. எனவே விழாவுக்கு ஒரு வாரம் முன்பாவது விருந்தினரிடமோ அவருடைய வீட்டாரிடமோ தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். "விலாசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? அப்பச்சியின் முழுப்பெயர் என்ன? ஐயாவின் பெயர் என்ன?" என்று கேட்டால் தடையின்றி விடை வரும். நகரத்தார் வீடுகளில் அப்பச்சி என்பது தந்தை, ஐயா என்பது தந்தையின் தந்தை. பொதுவழக்கில் ஐயா என்பது மரியாதைச் சொல்லாக இருப்பதால், "ஐயா பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டு, வந்த விடையை விருந்தினரின் பெயராகக் குறித்துக்கொள்ளும் பிழையும் நேர்வதுண்டு. அப்பச்சி, ஐயா ஆகிய இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் குழப்பம் வராது.

அப்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: ஊரார் அவரை எப்படி அழைக்கிறார்கள்? ஆங்கில எழுத்தொலியாகவே ஊன்றிவிட்ட விலாசங்கள் பல உள்ளன. ஏ.வி.எம். என்பதில் முதலிரண்டு எழுத்துகளும் ஆவிச்சி என்ற தந்தை பெயரிலிருந்து வந்தவை, கடைசி எழுத்து மெய்யப்பன். ஆனாலும் அதை வேறு விதமாகச் சொன்னால் யாருக்கும் விளங்காது. உங்கள் விருந்தினரும் தம்மை "பிஎல். ஆர்எம்." என்றே சொல்லிக்கொள்பவரானால் அப்படியே சொல்லுங்கள். ஆனால் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, இடையில் நிறுத்திச் சொல்லுங்கள். எந்த விதியையும்விட அவருடைய விருப்பமே முந்தியது.

தமிழில் சொல்வதானால் உச்சரிப்பில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 'பழ.' என்பதில் ழகரம் தெளிவாக ஒலித்து, இறுதி அகரம் குறிலாக முடிய வேண்டும். 'ராம.' என்பதை நீட்டி 'ராமா' என்று சொல்லக் கூடாது. 'சொ.', 'மு.', 'லெ.' போன்றவை குறில்கள். மேடையின் ஒலிபெருக்கியில் நாம் அறியாமலே 'சோ', 'மூ' என்று நீண்டுவிடும். அழைப்பிதழில் 'இராம.', 'இலெ.' என்று அச்சிட்டிருந்தால், எழுத்து மரபுக்காகச் சேர்த்த இகரம் அது. குடும்பத்தார் 'ராம', 'லெ' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அரை மூச்சு நிறுத்தி, பெயருக்கு முன் ஒரு மூச்சு விடுங்கள்: பழ... ராம... முத்துக்கருப்பன். இதை ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மேடையில் நாக்கு தடுமாறாது.

அடுத்தது ஊர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்தால் கண்டரமாணிக்கம் 'கன்ட்ராமாணிக்கம்' ஆகிவிடும், கானாடுகாத்தான் 'கனடுகாதன்' ஆகிவிடும். ஆகையால் குறிப்பில் ஊரைத் தமிழில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சிறுவயல், அழகாபுரி போன்ற பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருப்பதால் அந்த ஊர்ப்பெயர்களுக்கே முன்னெழுத்து உண்டு. அதை விட்டுவிட்டால் அவரை வேறு ஊருக்கு அனுப்பியதாகிவிடும். சொந்த ஊர் என்று இங்கே சொல்வது தந்தைவழிப் பூர்வீக ஊரை. விருந்தினர் சென்னையில் பிறந்து கோலாலம்பூரில் வாழ்ந்தாலும் ஊர் கண்டரமாணிக்கம்தான். அதனால் "கண்டரமாணிக்கத்தில் பிறந்தவர்" என்று சொல்லாமல் "கண்டரமாணிக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்" என்று சொல்லுங்கள். நகரத்தாரின் உட்பிரிவுகளுக்கு அடையாளமான ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் செய்தி. பள்ளி மேடையில் அது தேவையில்லை. அட்டையில் இல்லாத 'செட்டியார்' என்ற பின்னொட்டையும் நாமாகச் சேர்க்கக் கூடாது.

தந்தை பெயரை முன்னெழுத்தோடு கலந்து விரிக்காமல் தனி வாக்கியமாகச் சொல்வது நல்லது. "பழனியப்பன் ராமநாதன் முத்துக்கருப்பன்" என்று மூன்றையும் அடுக்கினால் யார் மேடையில் இருக்கிறார் என்றே பிள்ளைகளுக்குப் புரியாது. கடவுச்சீட்டிலும் வெளிநாட்டுப் படிவங்களிலும் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கடைசியில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அவரைத் திரு. ராமநாதன் என்று விளித்துவிடாதீர்கள். விளிக்க வேண்டிய பெயர் எப்போதும் அவருக்கு இட்ட பெயர்.

தந்தையின் பெயரைக் கட்டாயம் வீட்டாரிடமே கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் என்ற நம்பிக்கையில் கேட்காமலே ஒரு பெரியவரின் தந்தை பெயரைச் சொன்னேன். அவர் சிறுவயதிலேயே வேறு வீட்டுக்குப் பிள்ளை கூட்டப்பட்டவர். நான் சொன்னது பெற்ற தந்தையின் பெயர். முன் வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய வளர்த்த தாய் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தம் உரையின் முதல் வாக்கியத்தில் தம் விலாசத்தை நிதானமாக, சரியாகச் சொல்லிக்கொண்டார். பிள்ளை கூட்டியபின் விலாசம் கூட்டிய வீட்டுக்கு உரியது. சில நேரம் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், காரைக்குடி வீட்டுக்குப் பிள்ளையாகச் சென்றபோது நாராயணன் ஆனார். எனவே வீட்டார் தந்த பெயர் நீங்கள் அறிந்ததோடு பொருந்தாவிட்டாலும் திருத்தாமல் அப்படியே சொல்லுங்கள்.

விருந்தினர் பெண்ணாக இருந்தால், முன்னெழுத்து தந்தையுடையதா கணவருடையதா என்றும், சொல்ல வேண்டியது பிறந்த ஊரா புகுந்த ஊரா என்றும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

நீங்கள் கேட்டபோது ஐயா பழனியப்பன், அப்பச்சி ராமநாதன், அவர் காலமாகிவிட்டார் என்று விடை வந்ததாகக் கொண்டால், அறிமுகம் இப்படி அமையும்: "நம் சிறப்பு விருந்தினர் திரு. பழ. ராம. முத்துக்கருப்பன் அவர்கள். கண்டரமாணிக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர், அமரர் பழ. ராமநாதன் அவர்களின் மகனார்." இங்கே தந்தையின் பெயருக்கு முன் 'பழ.' மட்டும் வருவதைக் கவனியுங்கள். மகனின் விலாசம் முழுவதையும் அங்கே இட்டால் ராமநாதன் தமக்குத் தாமே தந்தை ஆகிவிடுவார். இதன்பிறகு அவருடைய பணிகளைச் சொல்லும்போது "திரு. முத்துக்கருப்பன் அவர்கள்" என்றால் போதும், ஒவ்வொரு முறையும் விலாசம் வேண்டாம்.

இந்த அறிமுக வரிகளைப் பெரிய எழுத்தில், புள்ளிக்குப் பின் இடம் விட்டு எழுதி, நன்றியுரை சொல்லப்போகும் மாணவரிடமும் பொன்னாடை அணிவிக்க அழைப்பவரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுங்கள், அறிமுகத்தில் சரியாக வந்த பெயர் பெரும்பாலும் நன்றியுரையில்தான் மறுபடி "பி.எல்.ஆர்.எம்." ஆகிறது.