விளையாட்டில் கணக்கு வளர்கிறதா என்று டீச்சர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் பெரும்பாலும் விளையாட்டுதான். "விளையாட்டிலேயே கணக்கு வந்துடும்" என்கிறார் டீச்சர். வந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பதில்:

தெரியும், ஆனால் எந்த விளையாட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால்தான் தெரியும். குழந்தை சிரித்துக்கொண்டு விளையாடுகிறாள் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள் என்பதை வைத்தும் அதிகம் சொல்ல முடியாது. நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நீங்கள் கணக்கைக் கேட்டதால், எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நாங்கள் எதைக் கவனிக்கிறோம் என்று சொல்கிறேன்.

முதலில் கடை விளையாட்டு. வகுப்பின் ஒரு மூலையில் நான்கைந்து குழந்தைகள் கடை வைத்திருப்பார்கள். பாட்டில் மூடிதான் இட்லி, காகிதத் துண்டுதான் ரூபாய். நான் வாடிக்கையாளராகப் போய், "அண்ணாச்சி, நாலு இட்லி கொடுங்க" என்பேன். சில குழந்தைகள் ஒரு கை அள்ளித் தருவார்கள். அதே குழந்தையிடம் அந்த மூடிகளை எண்ணச் சொன்னால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஏழு வரை சரியாகவே எண்ணுவாள். "அப்போ எத்தனை இட்லி?" என்று கேட்டால் பதில் வராது, திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள்.

இதில் ஆசிரியருக்கு நிறைய விஷயம் இருக்கிறது. எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறன். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டு எண்ணுவது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது மூன்றாவது. ராஷெல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இந்த மூன்றாவதுதான் தாமதமாக வரும். கேரன் வின் 1990-இல் செய்த ஆய்வு ஏறக்குறைய நம் கடை விளையாட்டு மாதிரிதான்: சொன்ன எண்ணிக்கையில் பொம்மைகளை எடுத்துத் தரச் சொல்வது. குழந்தைகள் முதலில் ஒன்று கேட்டால் மட்டும் சரியாகத் தருவார்கள், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் ஆகலாம். மூன்று, நான்கைத் தாண்டியதும் ஒரு மாற்றம் வரும். தனக்கு எண்ணத் தெரிந்த எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணி எடுத்துத் தர ஆரம்பித்துவிடுவாள். அதனால் என் குறிப்பேட்டில் "நன்றாக எண்ணுகிறாள்" என்று எழுத மாட்டேன். "3 கேட்டேன், எண்ணிப் பார்த்துத் தந்தாள். 5 கேட்டேன், அள்ளித் தந்தாள்" என்று எழுதுவேன். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க இந்த மாதிரிக் குறிப்புதான் உதவும்.

இரண்டாவது, கட்ட விளையாட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே விளையாட்டு ஒரு குழந்தைக்குக் கற்பித்துவிட்டு இன்னொரு குழந்தையை அப்படியே விட்டுவிடும் என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

சீக்லர், ராமானி என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, மழலையர் பள்ளிக்குப் போகும் சிறு குழந்தைகளை, ஒரே நேர்க்கோட்டில் 1 முதல் 10 வரை எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்கள். சுழற்றும் முள்ளில் 1, 2 மட்டுமே விழும். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல, அவ்வளவுதான். எந்த எண் பெரியது, எந்த எண் எந்த இடத்தில் வரும், இது என்ன எண் என்பதிலெல்லாம் முன்னேற்றம் தெரிந்தது. 9 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது போகவில்லை. அதே மாதிரிக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த பலகையில் விளையாடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரு பக்கமும் விளையாட்டுதான், ஆனால் எண் ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

அப்புறம் 2014-இல் லாஸ்கி என்பவரும் சீக்லரும் இன்னும் நுட்பமான ஒன்றைப் பார்த்தார்கள். காய் 4-இல் நிற்கிறது, 2 விழுகிறது என்று வையுங்கள். ஒரு குழந்தை "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்தலாம். இன்னொரு குழந்தை கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து "அஞ்சு, ஆறு" என்று சொல்லி நகர்த்தலாம். இரண்டு பேரும் போய்ச் சேரும் கட்டம் ஒன்றுதான். ஆனால் "அஞ்சு, ஆறு" என்று சொல்லி விளையாடிய குழந்தைகள்தான் எண்களைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, காய் நகரும்போது குழந்தையின் வாயிலிருந்து என்ன எண் வருகிறது என்று கேட்கும் ஆசிரியருக்குத் தெரியும்.

என் வகுப்பில் உங்கள் மகள் வயதிலுள்ள ஒரு பெண் குழந்தையை வைத்து இதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அவள் 4-இல் நின்றுகொண்டு 2 விழுந்தால், தான் நிற்கும் 4-ஐயே "ஒண்ணு" என்று எண்ணி, 5-இல் வந்து நிற்பாள். ஒரு கட்டம் குறையும். இது பல குழந்தைகள் செய்வதுதான். நகர்வது என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். நான் "தப்பு" என்று சொல்லவில்லை. என் காயை நகர்த்தும்போது மட்டும், "நான் நாலுல நிக்கிறேன், அடுத்து அஞ்சு, ஆறு" என்று சத்தமாகச் சொன்னேன். சில நாளில் அவளும் நிற்கும் எண்ணைச் சொல்லிவிட்டு "அஞ்சு, ஆறு" என்றாள்.

அதைக் கேட்டதுமே கற்றுவிட்டாள் என்று எழுதவில்லை. தோழியோடு மட்டும் விளையாடும்போது மறுபடி "ஒண்ணு, ரெண்டு"க்குப் போய்விட்டாள். அதனால் "ஆசிரியை பக்கத்தில் இருந்தால் செய்கிறாள்" என்று எழுதினேன். பிறகு ஒரு நாள், தோழி காயைத் தவறாக வைத்தபோது, "நீ ஏழுலதானே இருந்தே, எட்டு இங்க இருக்கு பாரு" என்று இவளே எடுத்து வைத்தாள். நான் அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இன்னொரு குழந்தைக்குப் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு "தானாகச் செய்கிறாள்" என்று எழுதினேன்.

அதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு. பலகை இல்லாத இடத்தில் இது வருகிறதா? நான் ஒரு கட்டத்தின் மேல் மூடியை வைத்து மறைத்து, "இதுக்கு அடியில என்ன எண்?" என்று கேட்பேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துச் சொல்கிறாளா, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறாளா என்று பார்ப்பேன். இன்னொரு நாள் பலகையே இல்லாமல், "உனக்கு ஆறு முறுக்கு வேணுமா எட்டு வேணுமா?" என்று கேட்பேன். அவள் மறைத்த எண்ணைச் சட்டென்று சொன்னாள். முறுக்குக் கேள்விக்கு மட்டும் விரலை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் "எட்டு" என்றாள். அதனால் பெற்றோரிடம், 10 வரை எண் வரிசை உறுதியாகிவிட்டது, எது அதிகம் என்பதற்கு இன்னும் விரல் தேவைப்படுகிறது என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணுவதை இந்த வயதில் தயவுசெய்து தடுக்காதீர்கள். மனதில் எண்ண முடியும் வரை விரல்தான் அவர்களுக்குப் பிடிமானம்.

விளையாட்டு நடக்கிறது ஆனால் திறன் வளரவில்லை என்பதும் குறிப்பேட்டில்தான் பிடிபடும். மூன்று வாரக் குறிப்பு ஒரே மாதிரி இருக்கிறதென்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. பெரும்பாலும் விவரமான தோழன் ஒருவன் இவள் காயையும் சேர்த்து நகர்த்திக்கொண்டிருப்பான். கடை விளையாட்டில் இவள் தினமும் பணம் மட்டும் வாங்கிப் போடுவாள், எடுத்துத் தரும் வேலையே அவளுக்கு வந்திருக்காது. சில சமயம் தடை நாங்கள்தான். இரண்டு நிமிடத்துக்கு ஐந்து கேள்வி கேட்டால் அவள் விளையாட்டை விட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்துப் பதில் தேட ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் நானும் ஒரு காய் வைத்துக்கொண்டு விளையாடுவேன், என் முறை வரும்போதுதான் பேசுவேன். 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் எல்லோரையும் தினமும் இப்படிப் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேர் என்று முறை வைத்தால், மாதத்தில் ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு தடவையாவது பார்த்துவிடலாம். ஒரே நாள் பார்த்து முடிவு எழுதக் கூடாது. தூக்கம் சரியில்லை, காலையில் சாப்பிடவில்லை என்றால் தெரிந்ததும் வராது.

ஆகவே டீச்சரிடம் "எவ்வளவு வரைக்கும் எண்ணுறா?" என்று கேட்காமல், "போன மாசம் விளையாட்டுல செய்யாத எதை இந்த மாசம் செய்யறா? நீங்க பக்கத்துல இல்லாதப்பவும் செய்யறாளா?" என்று கேளுங்கள். கவனித்துப் பார்ப்பவரிடம் உங்கள் மகள் சொன்னது, செய்தது என்று ஒரு சம்பவமாவது இருக்கும். "நல்லா பண்றா மேடம்" என்பதோடு நின்றுவிட்டால், கவனிப்பு இன்னும் நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் நீங்களே பார்க்க வேண்டுமானால், பரமபதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அதில் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். போதாததற்குப் பாம்பு கடித்தால் எண் வரிசையே கலைந்துவிடும். நாலரை வயதுக்கு அது அதிகம். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரே நேர்க்கோட்டில் 10 கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக எண் எழுதுங்கள். ஒரு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள், நாணயமும் அப்படித்தான். ஒரு பெரிய பாட்டில் மூடியின் ஒரு பக்கத்துக்கு வண்ணம் அடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் திருத்தாமல், அவள் காயை நகர்த்தும்போது என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து உங்கள் முறையில் கட்டத்தின் எண்ணைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பியுங்கள். 10 வரை தானாகச் சொல்லி நகர்த்தினால், 20 வரை நீட்டலாம்.