கரஸில் பி.காம். படித்தால் கம்பெனிகள் மதிக்குமா?

"வணக்கம்ங்க. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். +2 பாஸ். வேலையை விடாமல் கரஸில் பி.காம். முடிக்கலாமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டரில் ஒரே வருஷத்தில் டிகிரி வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். பிறகு பெரிய கம்பெனியில் எடுப்பார்களா?"

தாராளமாகப் படியுங்கள். ஆனால் அந்த சென்டருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பி.காம். குறைந்தது மூன்று வருஷப் படிப்பு. ஒரே வருஷத்தில் தருகிறேன் என்றால், பழைய வருஷம் போட்ட மார்க் ஷீட்டைத்தான் கையில் கொடுப்பார்கள்.

பாரதியார், தமிழ்நாடு திறந்தநிலை, இக்னோ என எந்தப் பல்கலைக்கழகமானாலும், பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் deb.ugc.ac.in தளத்தைப் பாருங்கள். பல்கலையின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, பி.காம். பாடத்துக்கே அனுமதி இருக்க வேண்டும். போன வருஷம் இருந்த பாடம் இந்த வருஷம் இல்லாமல் போவதுண்டு. 2024 முதல் மாணவரே அதே தளத்தில் டெப் ஐ.டி. என்ற அடையாள எண்ணை எடுத்த பிறகுதான் சேர முடியும். அதற்கு முன் டிஜிலாக்கர் வழியாக, படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஏ.பி.சி. கணக்குக்கான ஐ.டி. எடுத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். முறையான அனுமதியோடு படித்த தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2020 விதிகள் சொல்கின்றன. ஆனாலும் தனியார் கம்பெனி தன் தகுதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஐ.டி. கம்பெனிகள் பல, புதிதாக எடுக்கும்போது முழுநேரப் பட்டம்தான் கேட்கின்றன. அனுபவத்தோடு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவரிடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் டேலியும் எவ்வளவு தெரியும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சீனியர் பதவி வரும்போது பட்டம் கேட்பார்கள், அங்கே இது கைகொடுக்கும். அரசு வேலை நினைப்பு இருந்தாலும், +2 முடித்துவிட்டுப் படிப்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. +2 இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் தமிழக அரசின் 2009 அரசாணை தடையாக நிற்கிறது.

நான் இன்டர்வியூ எடுத்த ஒரு தம்பி நன்றாகவே பதில் சொன்னான். ரெஸ்யூமில் 2018–2021 பி.காம். என்று மட்டும் போட்டு, ஏதோ காலேஜுக்குப் போய்ப் படித்ததுபோல் காட்டியிருந்தான். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் 2018 ஜூன் முதலே பல்லடத்தில் முழுநேர வேலை. பல்கலைக்கு எழுதிக் கேட்டதில் பட்டம் உண்மை, தொலைநிலை என்று பதில் வந்தது. ஆனாலும் ஆஃபர் ரத்து. பட்டத்தில் ஒரு குறையும் இல்லை, மறைத்ததுதான் காரணம். எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

அதனால் ரெஸ்யூமில் "பி.காம்., தொலைநிலைக் கல்வி" என்று பல்கலையின் பெயரோடு எழுதுங்கள். அதே வருஷங்களில் பார்த்த வேலையையும் அதற்குக் கீழேயே போடுங்கள்.