பல்லவியின் கடைசிச் சொல்

அன்புள்ள ஐயா,

பள்ளி விழாவுக்காகத் தண்ணீர் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். பல்லவி இது:

மண்ணைக் காப்போம் மரத்தைக் காப்போம்
மழையின் கொடையைக் காப்போம்
இன்னும் தாமதம் வேண்டாம் தோழா
இயற்கை அன்னையைக் காப்போம்

மெட்டு நன்றாக அமைந்துவிட்டது, பிள்ளைகளும் உற்சாகமாகப் பாடுகிறார்கள். ஆனால் பாட்டு முடிந்ததும் எதுவும் மனதில் தங்கவில்லை என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். எதுகை மோனையில் குறையா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எதுகை மோனையில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் ‘காப்போம்’ என்ற வினையில்தான். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், பல்லவி முடிகிற இடம் இயல்பாகவே அதற்குப் போய்விடுகிறது. மெட்டு இறங்கி நிற்பதும், கூட்டமாகப் பாடுகிறவர்கள் குரலை நீட்டுவதும் அங்கேதான். அவ்வளவு நல்ல இடத்தில் ‘காப்போம்’ உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கை எதைத் தொட வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. உங்கள் பல்லவியில் அது நான்கு முறை வருகிறது. நான்காவது முறை கேட்கும்போது காது அதைத் தாளக்கட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அந்த இடத்தில் ஒரு பிள்ளை தனியாக, யாரிடமும் அனுமதியோ காசோ கேட்காமல், இன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய வேலை ஒன்றை வையுங்கள். ‘மரம் நடு’ இதில் தேறாது. கன்று வேண்டும், இடம் வேண்டும், அப்புறம் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ‘பிளாஸ்டிக்கை ஒழி’யும் தேறாது, அது ஒரு வேலையே இல்லை. உங்கள் பாட்டு தண்ணீரைப் பற்றியது என்பதால் பல் தேய்க்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். மெட்டைப் பெரிதாக மாற்றாமல் இப்படி எழுதிப் பார்த்தேன்:

வாளி நிறையும் தண்ணீர் எல்லாம்
வழிஞ்சு போகுது பாரு
பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைக்கும் போதே
பிடிச்சுக் குழாயை மூடு

கவிதையாக இது உங்களுடையதைவிடச் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது வரியைக் கவனியுங்கள். வேலையைச் சொல்வதற்கு முன்னால் அது எப்போது என்று சொல்லிவிடுகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: ‘இன்ன நேரம் வந்தால் இன்னது செய்வேன்’ என்று முடிச்சுப் போட்ட தீர்மானம், வெறும் தீர்மானத்தைவிட அதிகமாக நிறைவேறுகிறது. பிரஷ்ஷைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு காலையும் அந்த வரியை ஞாபகப்படுத்தும். நேரம் இல்லாமல் ‘குழாயை மூடு’ என்று மட்டும் முடித்தால், எந்தக் குழாய், எப்போது என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

‘வாளி வாளியாய்’ என்றுதான் முதலில் வாயில் வந்தது. வேண்டாம் என்று விட்டேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயை 2 நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு வாளி. உங்கள் பள்ளிக் குழாயின் கீழ் வாளியை வைத்துப் பிள்ளைகளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப முதல் வரியை மாற்றிவிடலாம். தாங்கள் அளந்ததைப் பாடும்போது குரலே வேறு மாதிரி வரும்.

இனி, பாடுகிற விதம். ‘மூடு’வில் ‘மூ’ நெடில், எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம்; ‘டு’வைச் சட்டென்று வெட்டி முடிக்கலாம். அந்த வெட்டில் தபேலாவும் கீபோர்டும் சேர்ந்து நிற்கட்டும். பிள்ளைகள் மணிக்கட்டைத் திருகிக் காட்டட்டும், இரண்டு அட்சரம் சத்தமே வேண்டாம். வாத்தியக்காரர்கள் அந்த இடைவெளியை நிரப்பத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள். ‘நிறுத்து’ என்று முடித்தால் இப்படி நீட்ட முடியாது, எல்லாம் குறில். கைதட்டலோடு வெட்டிப் பாடத்தான் சரிப்படும். பை பற்றிய பாட்டு என்றால் ‘எடுத்து வா’ நல்ல முடிவு, ‘வா’வில் வாய் திறந்து நிற்கும்.

மண், மரம், மழை எல்லாவற்றையும் சரணங்களுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே ஆறு வற்றியதைப் பாடலாம், பாட்டி கிணற்றில் இறைத்ததைப் பாடலாம். ஆனால் ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியும் காலை நேரத்துக்கோ குழாயடிக்கோ வந்து நின்றால்தான் பல்லவிக்குத் திரும்புவது ஒட்டும். சரணத்துக்கு ஒரு வேலை என்று மூன்று வேலைகளைச் சேர்க்கும் ஆசை வரும், வேண்டாம். மூன்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். குழாயை மூடினால் ஆறு ஓடும் என்றும் எழுதாதீர்கள். ஆறு வற்றுவதற்குப் பல் தேய்க்கும் பிள்ளை காரணம் இல்லை, பெரிய பிள்ளைகளுக்கு அது தெரியும். மிச்சமாவது ஒரு வாளி, அதை மட்டும் சொன்னால் போதும்.

ஒத்திகை முடிந்ததும், பாட்டை எழுத்தில் பார்க்காத வேறு வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ‘இந்தப் பாட்டு உன்னை என்ன செய்யச் சொல்லுது?’ என்று கேளுங்கள். ‘தண்ணியை வீணாக்கக் கூடாது’ என்று பதில் வந்தால் மூன்றாவது வரி காதில் விழவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மெட்டு அங்கே வேகமாக ஓடியிருக்கும், ‘பிரஷ்ஷில் பேஸ்ட்டை’ மென்று விழுங்கப்பட்டிருக்கும். அந்த வரியில் மட்டும் வாத்தியங்களைக் குறைத்து மறுபடி பாடவிட்டு, இன்னொரு பிள்ளையைக் கேளுங்கள்.